‘தாமாகவே’ என்ற சொல்

அந்தத் தனியார் மருத்துவமனையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவன் கமா. மேலாளர் கையெழுத்துப் போட்ட கடிதத்தில்கூட ஒரு கமா இடம் மாறியிருந்தால், திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டு வேறு அடித்துக் கொண்டுவருவான். பணியாளர் பிரிவில் வேலை நியமனம், எச்சரிக்கை, இடமாற்றம், பணி நீக்கம் என்று எந்தக் கடிதம் போனாலும் அது அவன் விரல்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதே மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவனுடைய அத்தை மகன் வேலை பார்த்தான். சிறுநீரகம் பழுதாகி வருகிறவர்களை இயந்திரத்தோடு இணைக்கும் டெக்னீஷியன். ஊசி குத்துவது அவனாக இருந்தால் போதும் என்று நோயாளிகள் கேட்டுக் காத்திருப்பார்கள். கமாவுக்கு அவன் மச்சான் முறை. ஆனால் அலுவலகத்தில் இந்த உறவு யாருக்கும் தெரியாது. கமாதான் தெரியாமல் பார்த்துக்கொண்டான். மச்சான் குடிப்பான். வேலை நேரத்தில் ஒரு நாளும் இல்லை, ஆனால் வீட்டுக்குப் போனதும் குடிப்பான். பணியாளர் பிரிவில் உட்கார்ந்துகொண்டு அப்படியொரு ஆளைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள கமாவுக்கு நா எழவில்லை. தாழ்வாரத்தில் எதிரே பார்த்தால் தலையை லேசாக அசைத்துவிட்டு, கையிலிருக்கும் கோப்பில் ஏதோ தேடுவதுபோல் நகர்ந்துவிடுவான். மச்சான் அதைப் புரிந்துகொண்டு அவனும் நின்று பேசுவதில்லை.

ஒரு நாள் மதியம் மச்சானின் மனைவி போன் செய்தாள். கமா அவளை அக்கா என்று கூப்பிடுவான்.

“தம்பி, உங்க மச்சானே கேட்டு, அவரே வந்து சேர்ந்துட்டாரு. குடியை விடறதுக்கு ஒரு சிகிச்சை மையம் இருக்கில்ல, அங்க. ரெண்டு மூணு மாசம் உள்ளேயே இருக்கணுமாம். போன்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க.”

“நல்ல விஷயம்தானே அக்கா.”

“நல்லதுதான். ஆஸ்பத்திரிக்கு லீவு லெட்டர் குடுக்கணுமே, அதுதான் என்ன எழுதறதுன்னு தெரியல. காரணத்தை எழுதினா ஊரெல்லாம் தெரிஞ்சுடும்னு அவரு பயப்படறாரு. மையத்துல சர்டிபிகேட் தராங்க, அதுலயும் பேரு இருக்கு. நீங்க அங்கதானே இருக்கீங்க.”

“நான் பாத்துக்கறேன்,” என்றான் கமா. “நீங்க கவலைப்படாதீங்க.”

பையனையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அன்று மாலையே மருத்துவ விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான் கமா. ‘விடுப்பின் காரணம்’ என்ற கோட்டுக்கு எதிரே பேனா நின்றுவிட்டது. காரணத்தை எழுதாமல் விட்டால் மேலாளர் கேட்பார். எழுதினால், இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். தெரிந்த விதத்தைச் சொன்னால் உறவும் வெளியே வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று படிவத்தை இழுப்பறையில் போட்டான். நாளைக்கும் அதையேதான் செய்தான். எழுதாத ஒவ்வொரு நாளும் எழுதுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கிக்கொண்டே போனது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துகொண்டதே.

இதற்குள் டயாலிசிஸ் பிரிவை ஒரு வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிரந்தர ஆட்கள் குறைவாக இருந்தால் நல்லது என்று மேலிடத்திலிருந்து சாடைமாடையாகச் சொல்லியிருந்தார்கள். வருகைப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் கமாவைக் கூப்பிட்டார்.

“இந்த டெக்னீஷியன் எங்கப்பா? ஆளையே காணோமே.”

பதில் கமாவின் வாய் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

“தெரியல சார்.”

“நாமளா வேலையை விட்டு எடுத்தா காரணம் சொல்லணும், நோட்டீஸ் குடுக்கணும், நஷ்ட ஈடு குடுக்கணும், நாளைக்கே யூனியன் வந்து நிக்கும். அவனாவே விட்டுட்டுப் போயிட்டான்னா அந்தத் தலைவலி ஒண்ணும் இல்ல. முறைப்படி நோட்டீஸ் போடு. உன் கையில குறை வராது.”

பாராட்டு மாதிரி சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் அவனை வீழ்த்தியது. உட்கார்ந்து எழுதினான். வராததை மட்டும் வைத்து ஒருவன் வேலையைக் கைவிட்டான் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடக் கூடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வரும் எண்ணமே அவனுக்கு இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு முதலில் அவனைக் கூப்பிட வேண்டும். ‘அனுமதியின்றிப் பணிக்கு வராமல் இருக்கிறீர்கள். இக்கடிதம் கிடைத்தவுடன் பணியில் சேரவும், அல்லது வராமைக்கான விளக்கத்தை எழுத்து மூலம் தரவும். தவறினால், பணியில் தொடர உங்களுக்கு விருப்பமில்லை எனக் கருதப்படும்.’ ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. பதிவுத் தபாலில், கோப்பிலிருந்த வீட்டு முகவரிக்கு அனுப்பினான். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே அனுப்பினான்.

‘கதவு பூட்டியுள்ளது’ என்று எழுதிக் கடிதம் திரும்பி வந்தது. இரண்டாவது நோட்டீசும் அப்படியே வந்தது. அக்காவுக்கு ஒரு போன் செய்தால் போதும். மையத்தின் சான்றிதழை வாங்கி வந்து மேலாளர் மேசையில் வைத்தால் எல்லாம் நின்றுபோகும். ஒரு தடவை போனை எடுத்துப் பெயரைக்கூடத் தேடினான். சிகிச்சையில் இருக்கிறவரைக் கலங்கடிக்க வேண்டாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு கடைசிக் கடிதத்தை அடித்தான். ‘மேற்கண்ட இரு அறிவிப்புகளுக்கும் பதில் இல்லாததால், தாங்கள் தாமாகவே பணியைக் கைவிட்டதாகக் கருதப்பட்டு, தங்கள் பெயர் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.’

*

மச்சான் திரும்பி வந்தபோது முகம் தெளிந்து, கொஞ்சம் இளைத்து, ஆளே வேறாக இருந்தான். சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தவனை வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. தயங்கித் தயங்கி, “உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேண்ணே,” என்றான். டயாலிசிஸுக்கு வந்த ஒரு நோயாளி ஆட்டோவிலிருந்து இறங்கி, “எங்கய்யா போயிட்டே, புது ஆளு குத்துறதுல கையெல்லாம் வீங்கிப் போச்சு,” என்று தன் கையைத் தூக்கிக் காட்டினார். மச்சான் வாசலுக்கு வெளியே, தெருவில் போய் நின்றுகொண்டான்.

கமா வெளியே வந்து அவனை எதிர்ச்சாரி டீக்கடைக்குக் கூட்டிப் போனான்.

“நீ சொன்னியாமே, பாத்துக்கறேன்னு,” என்றான் மச்சான். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

“பாத்தேன் மச்சான். கைமீறிப் போயிடுச்சு.” பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் கமாவுக்கே உடம்பு கூசியது. உடனே அதை மூடுவதுபோல் வேகமாகப் பேசினான். “இப்ப ஒண்ணு செய்யலாம். நீயே ராஜினாமா எழுதிக் குடு. வேலையைக் கைவிட்டுட்டு ஓடிப் போனான்னு இருந்தா எங்கயும் வேலை கிடைக்காது. ராஜினாமான்னா மானமா வெளிய வரலாம். அனுபவச் சான்றிதழ் நல்லாத் தரச் சொல்றேன். கைவிட்ட ஆர்டரை ரத்து பண்ணச் சொல்லிடறேன்.”

“நான்தான் வேலைக்கு வந்துட்டேனே. எதுக்கு ராஜினாமா?”

“டிபார்ட்மென்டையே ஒப்பந்தத்துக்கு விடப்போறாங்க. எப்படியும் நிக்க விடமாட்டாங்க.”

மச்சான் டீ கிளாசைத் தள்ளி வைத்தான். குடித்த குற்றம் இன்னும் அவன் தோளில் உட்கார்ந்திருந்தது. கெட்டது எது நடந்தாலும் தனக்கு வரவேண்டியதுதான் என்று நினைக்கிற நிலையில் இருந்தான். பேப்பரை வாங்கி, ‘நிர்வாகம் என்னை வேலைக்கு எடுக்க மறுப்பதால் நான் ராஜினாமா செய்கிறேன்’ என்று எழுதினான்.

“இப்படி எழுதக் கூடாது,” என்றான் கமா. “அவங்க போகச் சொன்னதா ஆயிடும். ராஜினாமான்னா நம்ம விருப்பம்னு இருக்கணும்.”

பிறகு அவனே சொல்லச் சொல்ல மச்சான் எழுதினான். ‘எனது சொந்தக் காரணங்களால், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நான் தாமாகவே பணியிலிருந்து விலகுகிறேன்.’ ‘நான்’ என்று வந்தால் ‘தாமாகவே’ என்று வராது, ‘நானாகவே’ என்றுதான் வர வேண்டும். எந்தக் கடிதத்திலும் இப்படி ஒரு பிழையைத் தப்ப விடாத கமா, அன்று அதைப் பார்க்கவே இல்லை. அவசரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

மேலாளர் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டார். “நல்லதாப் போச்சு. இதையும் கோப்புல போடு.”

“அந்த ஆர்டரை ரத்து பண்ணணும் சார். ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது.”

“இருக்கட்டும்ப்பா. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு நிக்கும்.”

கமா வாதாடவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு வேறொரு மருத்துவமனை மச்சானை வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் விவரம் கேட்டு எழுதியது. ‘பணியிலிருந்து விலகிய காரணம்’ என்று ஒரு கேள்வி. கமா மேலாளரிடம் போய்க் கேட்டான். “ராஜினாமாத் தேதி ஆர்டருக்கு அப்புறம் இருக்கே. அதைச் சொன்னா நம்ம ஆர்டர் என்னாகும்? ஆர்டர்ல உள்ளதை எழுது,” என்றார் அவர். ‘பணியைக் கைவிட்டார்’ என்று கமா எழுதி அனுப்பினான். அந்த வேலை மச்சானுக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அக்கா போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. அவள் மறுபடி செய்யவும் இல்லை. நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

*

சமரச அலுவலர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அவரது அறையில் மின்விசிறி சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பித்தான் பேச வேண்டும், ஆனால் அவர் எழுப்பவில்லை. மற்றவர்கள்தான் முன்னால் குனிந்து கேட்டார்கள். மேசைக்கு ஒரு பக்கம் மேலாளரும் கமாவும். மறுபக்கம் மச்சானும் அக்காவும். கமா கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அதன் நாடாவை முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டான். நிமிர்ந்தால் அக்காவின் முகம்.

அலுவலர் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இவர் வேலையைக் கைவிட்டார்னு நீங்க ஆர்டர் போட்டிருக்கீங்க. அன்னைக்கே இவர் உங்க பணியாளர் இல்லைன்னு ஆயிடுது. அப்புறம் இவர் ராஜினாமா குடுத்திருக்கார், அதையும் வாங்கியிருக்கீங்க. இல்லாத வேலையை ஒருத்தர் எப்படி ராஜினாமா பண்ணுவார்?”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “எப்படியிருந்தாலும் மேடம், ரெண்டுலயும் அவரேதான் போயிருக்கார். நாங்க அனுப்பல.”

“அதைத்தான் பாக்கணும். அவராப் போனாரா, நீங்க அனுப்பினீங்களான்னு. ராஜினாமான்னா மனசார எழுதியிருக்கணும். கைவிட்டார்னா திரும்பி வர எண்ணமே இல்லாம இருந்திருக்கணும். ரெண்டும் இல்லைன்னா, நீங்க பட்டியல்ல பேரை அடிச்சதுக்கு ஒரே பேருதான். பணி நீக்கம். அதுக்கு நோட்டீஸ் எங்க, விசாரணை எங்கன்னு கேக்க வேண்டியிருக்கும்.” அவர் ராஜினாமாக் கடிதத்தைக் கையில் எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். “இது யார் சொல்லி எழுதினது? ‘நான் தாமாகவே’ன்னு இருக்கு. ஆர்டர்ல இருக்கிற அதே ‘தாமாகவே’. தனக்காக எழுதறவன் இப்படி எழுத மாட்டான்.”

கமாவுக்குக் காதுமடல் சூடேறியது. மச்சான் குனிந்து பையில் எதையோ தேடினான்.

அலுவலர் அவன் பக்கம் திரும்பினார். “அவ்வளவு நாள் ஏன் வேலைக்கு வரல?”

யாருக்கும் தெரியக் கூடாது என்று கமா மூடி வைத்த விஷயம் இதுதான்.

“குடிநோய்க்கு சிகிச்சையில இருந்தேன் மேடம்,” என்றான் மச்சான். சாதாரணமாக, சளி பிடித்திருந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னான். “இப்ப குடிக்கறதில்ல.” மையத்தின் சான்றிதழை மேசைமேல் வைத்தான்.

மேலாளர் புருவத்தை உயர்த்தினார். அலுவலர் சான்றிதழைப் படித்தார், அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. எதற்குப் பயந்து இத்தனையையும் செய்தானோ அது இவ்வளவுதானா என்று கமாவுக்குத் தோன்றியது.

“இதை ஆஸ்பத்திரிக்குச் சொன்னீங்களா?”

“வீட்ல சொல்லியிருந்தாங்க.”

“யார்கிட்டம்மா சொன்னீங்க?” என்று அலுவலர் அக்காவைக் கேட்டார்.

அக்கா கமாவைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்தாள். “அங்க வேலை செய்யற சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட.”

“பேரு?”

மச்சான் மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தான். அது கமாவுக்குத் தெரிந்தது. “வேணாம் மேடம்,” என்றான் மச்சான். “அவருக்கு வேலை போயிடும்.”

“சொல்லலைன்னா உங்க கேஸ் நிக்காது.”

“பரவால்ல.”

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாருங்க மேடம், சொந்தக்காரரும் இல்ல, சொல்லவும் இல்ல. எங்க பணியாளர் பிரிவுக்கு ஒரு தகவலும் வரல. வேணும்னா இவரைக் கேளுங்க. எல்லாக் கடிதமும் இவர்தான்.” கமாவின் தோளில் கை வைத்தார்.

கமா எழுந்து நின்றான். கோப்பு மடியிலிருந்து நழுவி விழுந்து தாள்கள் சிதறின. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

“என்கிட்டதான் சொன்னாங்க மேடம். இவர் என் அத்தை மகன். லீவு லெட்டரை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், பாக்கல. எங்க இருக்கார்னு தெரியும், வீடு பூட்டியிருக்குன்னும் தெரியும், தெரிஞ்சுதான் அந்த முகவரிக்கு நோட்டீஸ் போட்டேன். ராஜினாமாவும் நான் சொல்லித்தான் எழுதினார். அவர் வேற மாதிரி எழுதினார், நான்தான் மாத்தினேன்.”

சொல்லி முடித்ததும் நிம்மதி வரும் என்று எங்கோ எதிர்பார்த்திருந்தான். வரவில்லை. மச்சானின் முகத்தில் இருந்தது நன்றி அல்ல, கோபமும் அல்ல. டீக்கடையில் ‘கைமீறிப் போயிடுச்சு’ என்று சொன்னது பொய் என்பதை மச்சான் இப்போதுதான் முழுதாகத் தெரிந்துகொள்கிறான் என்று கமாவுக்குப் புரிந்தது. சந்தேகம் இருந்தும் அவனைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

“எதுக்கு மறைச்சீங்க?” என்று அலுவலர் கேட்டார்.

“சொந்தம்னு சொல்ல வெக்கப்பட்டேன்.”

அலுவலர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. பிறகு மேலாளரிடம் சொன்னார்: “எனக்குத் தீர்ப்புச் சொல்ற அதிகாரம் இல்ல. ரெண்டு பேரும் ஒத்துப் போனா ஒப்பந்தமாப் பதிவு பண்ணுவேன். இல்லைன்னா சமரசம் ஆகலைன்னு எழுதி மேல அனுப்புவேன். இவர் சொன்னதும் அங்க வரும்.”

மேலாளர் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். ஒப்பந்தம் எழுத அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. கைவிட்டதாகச் சொன்ன ஆர்டரும் ராஜினாமாவும் திரும்பப் பெறப்படுகின்றன. வராத காலம் மருத்துவ விடுப்பு. பணித் தொடர்ச்சி முறியவில்லை, மச்சான் பழைய வேலையிலேயே சேரலாம். மற்ற மருத்துவமனைக்குத் திருத்திய கடிதம் போகும். அலுவலரின் உதவியாளர் தட்டச்சு செய்து கொண்டுவந்ததை மச்சான் நிதானமாக இரண்டு தரம் படித்தான். ஒரு சொல்லையும் விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

*

மறுநாள் காலை மேலாளர் கமாவைக் கூப்பிட்டார். “நீயே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. கௌரவமா இருக்கும்.”

“நீங்க எடுக்கணும்னா குற்றச்சாட்டு குடுங்க சார். நான் பதில் சொல்றேன். தப்பு செஞ்சிருக்கேன், விசாரணையில ஒத்துக்கறேன். நானா விரும்பிப் போறதா மட்டும் எழுத மாட்டேன்.”

இதைத் தைரியம் என்று யாராவது நினைத்தால் தப்பு. போய்விட ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கட்டிடத்தில் மச்சானின் எதிரில் நடக்காமல் இருக்க எதையும் எழுதிக் கொடுக்க அவன் தயாராக இருந்தான். அதனாலேயே எழுதவில்லை. விசாரணை நடந்தது. எழுத்து மூலம் கண்டித்துப் பதவி உயர்வை நிறுத்தி, அவனைக் கடிதம் எழுதாத கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் அவன் மச்சான் வீட்டுக்குப் போனான். அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

“அக்கா, நான்…”

“குடிகாரன்னு தெரிஞ்சிருக்கும் தம்பி. அவ்வளவுதானே? அதை நாங்க தாங்கியிருப்போம்.”

உள்ளே மச்சான் பையனுக்கு ஏதோ கணக்குச் சொல்லிக் கொடுக்கும் குரல் கேட்டது. குரல் ஒரு கணம் நின்றது. வாசலில் யார் என்று தெரிந்துகொண்டிருப்பான். பிறகு கணக்கு தொடர்ந்தது.

“அவர் வரமாட்டாரு,” என்றாள் அக்கா. “இன்னைக்கு வேணாம்.”

“சரிக்கா.”

இன்னைக்கு என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தபடி படியிறங்கினான். பிடித்துக்கொள்ளும் தகுதி தனக்கு இல்லை என்று பட்டது. தெருமுனை வரை போய், மறுபடி என்றைக்கு வரலாம் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று நினைத்தான். திரும்பிப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. பேருந்து வந்தது. ஏறிக்கொண்டான்.